பிடித்தது வரி அல்ல, முன்பணம்

சத்தியவேட்டில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருப்பவரின் அலுவலகம் அவருடைய இரு சக்கர வாகனம்தான். காலையில் வரதய்யபாளையம், மத்தியானம் நாகலாபுரம், எல்லை தாண்டினால் ஊத்துக்கோட்டை. ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியைப் பிடிக்க இரவு எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும். இப்படி அலைந்து சம்பாதிக்கும் கமிஷனில் ஒரு பகுதியைக் கம்பெனியே வருமான வரியாகப் பிடித்துக்கொள்கிறது. "வரியைத்தான் பிடித்துவிட்டார்களே, அப்புறம் என்ன கணக்கு?" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194டி பிரிவின்படி, 2025-26 நிதியாண்டில் ஒரு கம்பெனி ஒரு ஏஜெண்டுக்குத் தந்த கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால், 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும். 2025 மார்ச் வரை இது 5 சதவீதமாக இருந்தது. பான் எண் தராதவருக்கு 20 சதவீதம். இந்தப் பிடித்தம் மொத்தக் கமிஷன் மீது நடக்கிறது. பெட்ரோல் போட்டது, போன் பேசியது எதுவும் கம்பெனிக்குத் தெரியாது. ஆனால் வரியோ மொத்தக் கமிஷன் மீது அல்ல. செலவு போக மிஞ்சும் லாபத்தின் மீதுதான். ஆகவே பிடித்த தொகை ஒரு முன்பணம். சரியான வரி எவ்வளவு என்று ரிட்டர்ன் போட்டுக் காட்டினால்தான் மிச்சம் கைக்கு வரும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் சத்தியவேட்டு ஏஜெண்ட் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷனும் புதியவற்றின் முதல் வருடக் கமிஷனும் சேர்ந்து 2025-26-ல் அவருக்கு 13,50,000 ரூபாய். வேறு வருமானம் இல்லை. 2 சதவீதமாகக் கம்பெனி பிடித்தது 27,000 ரூபாய்.

அவர் செலவு எதையும் காட்டாமல் ரிட்டர்ன் போட்டால், புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி ஒன்றரை லட்சத்துக்கு 22,500. செஸ்ஸையும் சேர்த்து 85,800 ரூபாய். அதாவது பிடித்தது போக இன்னும் 58,800 கட்ட வேண்டும்.

இப்போது அவருடைய செலவு நோட்டைத் திறப்போம். வருடத்துக்கு 60,000 ரூபாய்க்குப் பெட்ரோல். வண்டியில் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் உண்டு; ஆகவே முக்கால் பங்கான 45,000 மட்டும் தொழிலுக்கு. வண்டியின் கணக்கு மதிப்பு 80,000. அதில் 15 சதவீதம் தேய்மானம் 12,000, அதிலும் முக்கால் பங்கு 9,000. பிரீமியம் ரசீதுகளை எழுதி வைக்கும் உதவியாளருக்கு மாதம் 5,000 வீதம் 60,000. போன் 8,000. காலண்டர், டைரி, படிவங்கள், ஜெராக்ஸ் எல்லாம் 18,000. ஆக 1,40,000. இவை அத்தனையும் தொழிலுக்காகவே ஆனவை என்பதால் கழிக்கலாம்.

நோட்டில் இன்னொரு வரி இருக்கிறது: "முதல் பிரீமியம், கையிலிருந்து - 60,000." மார்ச் மாத இலக்கை எட்டுவதற்காகச் சில வாடிக்கையாளர்களுக்கு அவரே முதல் தவணையைக் கட்டியிருக்கிறார். எல்லோரும் செய்கிறார்களே என்பார். ஆனால் 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு, பாலிசி எடுக்க வைப்பதற்காகக் கமிஷனில் பங்கு கொடுப்பதையோ பிரீமியத்தில் தள்ளுபடி தருவதையோ தடை செய்கிறது. சட்டம் தடுத்த காரியத்துக்கு ஆன செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 37-வது பிரிவின் விளக்கம் சொல்கிறது. வாடிக்கையாளர் பிறகு திருப்பித் தந்துவிட்டார் என்றால் அது வெறும் கைமாற்று. அப்போதும் செலவு ஆகாது.

இந்த 60,000-ஐயும் சேர்த்துக் கழித்தால் லாபம் 11,50,000. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 2025-26-ல் 87ஏ பிரிவின் தள்ளுபடி உண்டு என்பதால் வரியே இல்லை. ஆசை வருவது இயற்கை. அதைச் சேர்க்காமல் ஒழுங்காகக் கணக்கிட்டால் லாபம் 12,10,000. 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவருக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்ற சலுகை இருக்கிறது. ஆகவே வரி 10,000, செஸ் 400. பிடித்த 27,000-ல் இதைக் கழித்தால் 16,600 ரூபாய் திரும்ப வரும். 58,800 கட்ட வேண்டியவருக்கு 16,600 திரும்ப வருகிறது என்றால், அந்த நோட்டின் மதிப்பு 75,400 ரூபாய். பொய்யாக எழுதி மிச்சம் பிடிப்பது வெறும் 10,400.

"நோட்டு எதற்கு, மூன்றில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளலாமே" என்று சொல்லும் பழைய ஏஜெண்டுகள் இன்னும் உண்டு. அவர்கள் நினைப்பது நேரடி வரிகள் வாரியத்தின் 1991-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. எல்.ஐ.சி. ஏஜெண்ட் கணக்கு வைக்காவிட்டாலும் முதல் வருடக் கமிஷனில் பாதியையும் புதுப்பிப்பில் 15 சதவீதத்தையும் கழிக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாதபோதுதான் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வருடக் கமிஷன் 60,000 ரூபாய்க்குள் இருந்தால் மட்டும்தான் இது. அதிலும் 20,000-க்கு மேல் கழிக்க முடியாது. நம் ஏஜெண்ட் மூன்றில் ஒரு பங்கு என்று நாலரை லட்சத்தைக் கழித்தால் நோட்டீஸை அவரே அழைத்துக்கொண்ட மாதிரி.

சின்ன வியாபாரிகள் கணக்கு இல்லாமல் குத்துமதிப்பாக லாபம் காட்டும் 44ஏடி பிரிவும் இவருக்குக் கிடையாது. கமிஷன் வருமானத்தை அந்தப் பிரிவே விலக்கியிருக்கிறது. அதனால் அந்த வியாபாரிகளின் ஐடிஆர் 4 படிவம் இவருக்கு ஆகாது. சம்பளக்காரர்களின் ஐடிஆர் 1-ம், அவர்களுக்குரிய 75,000 ரூபாய் நிலையான கழிவும் அப்படித்தான். இவருக்கு உரியது ஐடிஆர் 3. லாபம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியதால் கணக்குப் புத்தகமும் வைத்தாக வேண்டும்.

போடுவதற்கு முன் ஒரு வேலை. கம்பெனி தரும் 16ஏ சான்றிதழையும், வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏஎஸ் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றிதழில் 27,000 இருந்து அறிக்கையில் குறைந்தால், கம்பெனி தன் கணக்கைத் திருத்தும் வரை பணம் திரும்ப வராது. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: வங்கியில் விழுந்த தொகையை வருமானமாக எழுதாதீர்கள். அது பிடித்தம் போன மிச்சம். 13,50,000 என்று முழுசாக எழுதி, பிடித்ததைத் தனியே கேட்க வேண்டும்.

2026 ஏப்ரல் 1-ல் தொடங்கும் ஆண்டுக்கு 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். பிரிவு எண்கள் மாறும். பெட்ரோல் பங்க்கில் வாங்கும் சீட்டின் மதிப்பு மாறாது. அதை அன்றைக்கே தேதி போட்டு நோட்டில் ஒட்டிவிடுங்கள்.