பஸ் எங்கே, எத்தனை மணிக்கு நிற்கும்?

அறுபடைவீடு சுற்றுலா நோட்டீஸ்களை எடுத்துப் பாருங்கள். எந்தெந்தக் கோயில், ஏசி பஸ்ஸா இல்லையா, தங்கும் அறையில் எத்தனை பேர், எல்லாம் இருக்கும். சாப்பாட்டுக்கு ஒரே வரிதான்: 'மூன்று வேளையும் சைவ உணவு வழங்கப்படும்.' எங்கே, எத்தனை மணிக்கு, யார் சமைத்தது என்று இருக்காது. இந்தப் பஸ்களில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். டிக்கெட் போட்டுக் கொடுக்கிற பிள்ளைகள் பலர் கூடப் போவதில்லை. அம்மாவுக்கு என்ன கொடுப்பது, அப்பா எதைத் தவிர்ப்பது என்று வீட்டில் நீளமாகப் பேசுகிறோம். ஆனால் பஸ்ஸில் ஏறிய பிறகு அவர்கள் தட்டில் என்ன விழும் என்பதைப் பயணத்தின் கால அட்டவணைதான் தீர்மானிக்கிறது. அதனால் இந்தப் பேச்சில் ஏற்பாட்டாளர், டிரைவர், பிள்ளைகள், சக பயணிகள் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

சுவாமிமலையிலிருந்து பழனி போகும் நாளை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் இரவு தங்கி, விடிகாலை ஐந்தரைக்குக் காபியோடு கிளம்புகிறார்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் தரிசனம் முதலில், டிபன் பிறகு. அறுபது படி ஏறி, வரிசையில் நின்று, கூட்டத்தைத் திரும்பச் சேர்த்து டிபனுக்கு உட்கார ஒன்பதரை ஆகிவிடும். சாமி பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மாக்கள் ஒவ்வொரு பஸ்ஸிலும் இருப்பார்கள். அவர்களில் சிலர் வீட்டில் செய்வதுபோலவே காலையில் எழுந்ததும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிடுவார்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய ஆபத்து இல்லை. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ என்றால் கதை வேறு. மாத்திரை உள்ளே போய் நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் என்று வரும். ஏசி பஸ்ஸில் அது தூக்கம்போலவே தெரியும். 'பாவம், அசந்து தூங்குறாங்க' என்று போர்வையை இழுத்துவிடுகிறோம்.

எழுப்பிப் பார்க்க வேண்டும். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். மயங்கிய வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆனால் இதெல்லாம் அவசரத்துக்கு. தரிசனத்துக்கு முன் சாப்பிட மாட்டேன் என்பது அவர்களுடைய பக்தி. அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்த நாட்களில் மாத்திரையை எப்போது போடுவது என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, ஒரு நகலை ஏற்பாட்டாளரிடம் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. தரிசனம் முடிந்த அரை மணிக்குள் டிபன் கிடைக்கும்படி பார்ப்பது ஏற்பாட்டாளரின் வேலை. காலையிலேயே வாங்கி வைத்த மிளகாய்ப்பொடி இட்லி இதற்குப் போதும். புளித்த மாவில் ஆவியில் வெந்தது, மேலே நல்லெண்ணெய். சில மணி நேரம் தாங்கும். தேங்காய்ச் சட்னி பொட்டலம் மட்டும் வேண்டாம். டிபன் பையில் முதலில் கெடுவது அதுதான்.

மதியச் சாப்பாட்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கும்பகோணத்திலிருந்து பழனி ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். நேரம் மிச்சமாகட்டும் என்று காலையிலேயே மெஸ்ஸில் சொல்லி சாம்பார் சாதம், தயிர்சாதம் கட்டி வாங்கி டிக்கியில் ஏற்றிவிடுவார்கள். ஐந்து மணிக்கு வடித்த சோறு, ஆறரைக்குச் சூட்டோடு பொட்டலமாகி, மணப்பாறை தாண்டி ஏதோ ஒரு மரத்தடியில் ஒன்றரைக்குத்தான் பிரிக்கப்படும். ஏழு மணி நேரம் அது வெதுவெதுப்பிலேயே கிடக்கிறது. சமைத்த சோறு அறுபது டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்; நம் ஊர் வெயிலில் அதுவும் ஒரு மணி நேரம்தான். அரிசியோடு வரும் பாசிலஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகி, நஞ்சைக் கக்கி வைக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மோந்து பார்த்தாலும் தெரியாது. ஒன்றரைக்குச் சாப்பிட்டவர் பழனி விஞ்ச் வரிசையில் வாந்தி எடுத்தாலோ, இரவு அறையில் வயிற்றுப்போக்கோடு அல்லாடினாலோ, மாலையில் குடித்த டீயைத் திட்டுகிறோம். தயிர்சாதம் பெரியவர்களுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. உடனே பிசைந்து சாப்பிட்டால் நல்லதுதான். பயணத்துக்குக் கட்டும்போது புளிக்காமல் இருக்கப் பாலை அதிகம் ஊற்றுகிறோம்; காப்பாற்றக்கூடிய புளிப்பையே அதனால் குறைத்துவிடுகிறோம்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புளியோதரை. அதிலும் புளிக்காய்ச்சலை வீட்டில் காய்ச்சி எடுத்துப்போய், சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவிட்டுக் கலக்க வேண்டும். ஆவியோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சோற்றில் சொட்டும். பாதிக் கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தக்காரர்களும், புளிப்பு ஆகாத வயிற்றுக்காரர்களும் இதை அளவோடுதான் சாப்பிட முடியும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. முந்தின நாளே திருச்சியில் ஒரு ஓட்டலுக்குப் போன் போட்டு, 'பன்னிரண்டரைக்கு நாற்பது பேர் வருகிறோம், சாதம் அப்போது வடித்ததாக இருக்கட்டும், ரசம் கொதிக்கட்டும்' என்று சொல்லிவிடுவது. நாற்பது இலை வியாபாரத்தை எந்த ஓட்டல்காரர் விடுவார்? பெரியவர்களுக்குச் சூடான சாதம், ரசம், வெந்த காய் போதும். தேங்காய் அரைத்த கூட்டு, பச்சை வெங்காயப் பச்சடி, நறுக்கி வைத்த பழம் இலையில் விழாவிட்டால் நஷ்டம் இல்லை. தயிருக்குத் தேதி போட்டு மூடிய கப் வாங்கி, இலையிலேயே பிசைந்துகொள்ளலாம். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை. எண் இருப்பதால் மட்டும் சமையலறை சுத்தம் என்றாகிவிடாது. ஆனால் ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அதுதான் பிடி.

சமையல்காரரையும் அடுப்பையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகும் பஸ்கள் உண்டு. சாப்பாடு சூடாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்ரிகர்கள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். பயணிகள் உட்காரும் வண்டிக்குள் சிலிண்டர் வேண்டாம். சமைப்பதென்றால் தண்ணீர் வசதியுள்ள மண்டபத்தில் இறங்கிச் சமைக்கலாம்.

இனி யாரும் நோட்டீஸில் போடாத விஷயம், கழிப்பறை. பெரியவர்களுக்குத் தாகமே குறைவாகத் தெரியும். அதற்குமேல், போக இடமிருக்காது என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள் பெண்கள். நீர் பிரியும் மாத்திரையை 'இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம்' என்று தாங்களாகவே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 'பதினைந்து நிமிஷம் நிற்கும்' என்று அறிவிப்பு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பஸ்ஸில் இருபத்துநான்கு பெண்கள், பங்க்கில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, முழங்கால் வலியோடு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் முப்பத்தாறு நிமிடம். பதினைந்தில் முடியாது என்று தெரிந்துதான் வயதானவர்கள் இறங்குவதே இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு அரை மணிக்கு மேல் நேரம், வெஸ்டர்ன் டாய்லெட் எந்தப் பங்க்கில் இருக்கிறது என்ற தகவல், இந்த மூன்றும் சாப்பாட்டுப் பட்டியலில் சேர வேண்டியவை. பங்க்கில் கழிப்பறை வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்றால் நாற்பது பேரும் சேர்ந்து கேட்கலாம். தனியாக ஒரு பாட்டி கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது.

வயிறு கெட்டுவிட்டால் கைவசம் வேண்டியது ஓஆர்எஸ் பொடி. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். கடையில் ஓஆர்எஸ் என்று சாயல் காட்டி விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அட்டைப் பெட்டிப் பானத்தை நம்பி இருக்க வேண்டாம். பொடி இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவில். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்களுக்கு அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். குடித்தது நிற்காமல் வாந்தியானாலும், ரத்தம் கலந்து போனாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலும் பஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்ப வேண்டும். அடுத்த கோயில் தவறிவிடும் என்று அப்போது முணுமுணுக்காமல் இருப்பது மற்றவர்களின் பங்கு. 'ஒண்ணே ஒண்ணு, வீட்ல செஞ்சது' என்று அதிரசத்தை நீட்டி, மறுத்தால் முகம் சுளிப்பதை விடுவதும் அதே கணக்கில் வரும்.

பைபாஸ் மோட்டல் விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். டிரைவருக்கும் கிளீனருக்கும் இலவசச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் பஸ் நிற்பது ஊரறிந்த வழக்கம். அவர்களைக் குறை சொல்வதைவிட, இரண்டு பேரின் மூன்று வேளைச் சாப்பாட்டையும் பேட்டாவாக டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிடலாம். நாற்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காபி விலைகூட வராது. நிறுத்தும் இடத்தைப் பயணிகள் சொல்லும் உரிமை அதோடு வந்துவிடும்.

பழனியில் முழுநேர அன்னதானம் உண்டு. பெரிய அளவில் சமைத்து உடனுக்குடன் பரிமாறித் தீர்வதால், மாலை வெகுநேரம் கழித்துத் திறக்கும் பரோட்டாக் கடையைவிடப் பெரியவர்களுக்கு அது மேல். அன்று இரவு எட்டுக்குள் சாப்பிட முடிகிறதா என்று டிக்கெட் போடும்போதே கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.