இரவு வெளிச்சப் படத்தில் டெல்லி வளர்ந்ததா? ‘63’ என்ற எண் மறைக்கும் கதை

விண்வெளியிலிருந்து எடுத்த இந்தியாவின் இரவுப் படங்கள் ‘அன்று - இன்று’ என்ற தலைப்போடு உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். வெளிச்சம் கூடினால் வளர்ச்சி கூடியிருக்கிறது என்பதுதான் அவற்றின் வாதம். ஆய்வாளர்களும் இதே வெளிச்சத்தை வைத்து நகரங்களை அளக்கிறார்கள். ஆனால் பழைய படங்களில் டெல்லியைப் பார்த்தால், கன்னாட் பிளேஸ் பகுதி பல ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட அப்படியே நிற்பது போலவும், குருகிராமும் நொய்டாவும் மட்டும் வளர்ந்தது போலவும் தெரியும். இதை அப்படியே நம்பலாமா?

63-க்கு மேல் எண்ணே கிடையாது

1992 முதல் 2013 வரையிலான ஆண்டுப் படங்கள் டிஎம்எஸ்பி என்ற அமெரிக்க ராணுவ வானிலை செயற்கைக்கோள்களில் இருந்து வந்தவை. நிலா வெளிச்சத்தில் மேகங்களைப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட கருவி அது. அதனால் மங்கலான ஒளியையும் பிடித்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது தரும் மதிப்பு 0 முதல் 63 வரைதான். பெருநகர மையத்தின் ஒளி அந்த வரம்பைத் தாண்டிவிட்டால், எவ்வளவு தாண்டினாலும் 63 என்றே பதிவாகும். அதாவது 63 என்றால் ‘63 அல்லது அதற்கு மேல்’ என்று பொருள். இதைத்தான் செறிவடைதல் என்கிறார்கள்.

கணக்கு எப்படித் தப்பாகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நகர மையத்தின் உண்மையான ஒளி 100-லிருந்து 160 ஆகிறது. நடுப்பகுதி 40-லிருந்து 90. புறநகர் 5-லிருந்து 30. மொத்தம் 145-லிருந்து 280. வளர்ச்சி சுமார் 93 சதவீதம்.

கருவி பார்ப்பது வேறு. மையம் 63, பிறகும் 63. நடுப்பகுதி 40-லிருந்து 63. புறநகர் 5-லிருந்து 30. மொத்தம் 108-லிருந்து 156. வளர்ச்சி வெறும் 44 சதவீதம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உண்மையான வளர்ச்சியில் புறநகரின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. படத்திலோ அது பாதிக்கும் மேல். ‘வளர்ச்சி எல்லாம் ஊருக்கு வெளியே போயிடுச்சு’ என்ற முடிவு, கருவியின் வரம்பால் மட்டுமே வந்துவிடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு மதிப்பும் எத்தனை கட்டங்களில் வருகிறது என்று வரைந்து பாருங்கள். உச்சிக்குப் பக்கத்தில் கட்டங்கள் குவிந்திருந்தால் செறிவடைதல் இருக்கிறது. 63-ஐ மட்டும் தேடினால் போதாது. ஆண்டுப் படம் பல இரவுகளின் சராசரி என்பதால், சில இரவுகளில் மட்டும் வரம்பைத் தொட்ட கட்டம் 60, 61 என்றும் நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்?

பலரும் எடுக்கும் வழி, செயற்கைக்கோள் அளவிடும் பசுமையை வைத்துத் திருத்துவது. செறிவடைந்த கட்டங்களில் மரம் குறைவாக இருந்தால் கூடுதல் மதிப்பு தருவார்கள். மையங்களில் கான்கிரீட் அதிகம் என்ற அனுமானம் இது. டெல்லியில் இது இடறும். லுட்யன்ஸ் பகுதி நகரின் நடுவிலேயே மரங்கள் அடர்ந்த இடம்.

இன்னொரு வழி, கருவியின் உணர்திறனைக் குறைத்து எடுத்த தரவையும் சேர்த்துத் தயாரித்த சிறப்புப் படங்கள். மைய வேறுபாடு அதில் தெரியும். ஆனால் 2010 உட்படச் சில ஆண்டுகளுக்குத்தான் அவை உண்டு.

2012-க்குப் பிறகு என்றால் வேலை எளிது. விஐஐஆர்எஸ் என்ற புதிய கருவி நகர மையங்களிலும் செறிவடைவதில்லை. ஆனால் அதன் எண்களைப் பழைய எண்களோடு நேரடியாக ஒட்டக்கூடாது. இரண்டின் அலகே வேறு. 1992 முதல் இன்றுவரை ஒரே தொடராகத் தரும் ‘இணக்கப்படுத்திய’ படங்களிலும் கவனம் தேவை. பெரும்பாலும் புதிய தரவைப் பழைய அளவுக்கு இறக்கித்தான் அவற்றைச் செய்கிறார்கள். அதனால் அந்த 63 வரம்பு புதிய ஆண்டுகளுக்கும் திரும்பி வந்துவிடும்.

புதிய கருவிக்கும் ஒரு குறை உண்டு. நீல ஒளி அதற்குத் தெரியாது. மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டால், தெரு அதே வெளிச்சத்தில் இருந்தாலும் படத்தில் மங்கலாகத் தெரியலாம். 2015-இல் தேசிய தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பிறகு இந்தியா முழுக்க நடந்த மாற்றம் இதுதான்.

படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது

இரண்டு ஆண்டுகளும் ஒரே கருவியில் எடுத்தவையா? உச்ச மதிப்பில் எத்தனை கட்டங்கள் நிற்கின்றன? அவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் முடிவு மாறுகிறதா? மாறினால், அந்தப் படம் ஊர் எவ்வளவு பரவியது என்று சொல்லலாம். மையம் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லாது.