சில சண்டைகள் தீரும்... சில சண்டைகள் தீராது! எது எதுன்னு கண்டுபிடிப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாட்ஸ்அப்பில் ஒரு காதுகுத்து அழைப்பிதழ் வருகிறது. அனுப்பியவர் கணவரின் தங்கை. பத்திரிகையில் `தாய்மாமன்' என்ற இடத்தில் கணவரின் பெயர்.

``மாமன் சீர் குறையில்லாம செய்யணும். எப்படியும் 60,000 ரூபாய் ஆகும்'' என்கிறார் கணவர்.

``போன வருஷம் உங்க அத்தை வீடு பால் காய்ச்சினதுக்கு, அதுக்கு முன்னாடி சித்தப்பாவோட ஆஸ்பத்திரி செலவுக்கு... நம்ம வீட்டுக்குன்னு எப்பதாங்க சேர்க்கிறது?'' என்கிறார் மனைவி.

``எங்க வீட்டு ஆளுங்கன்னா மட்டும் நீ கணக்குப் பார்ப்ப.''

``உங்களுக்கு ஊருக்குச் செய்யத்தான் தெரியும்.''

அன்று மதியம் வரை வீட்டில் பேச்சில்லை. இந்தத் தம்பதியை ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி ஒன்பது வருடங்கள். சீர், மொய், ஆஸ்பத்திரி செலவு என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால், இருவரும் பேசும் வசனங்கள் மட்டும் மாறுவதே இல்லை.

இதே வீட்டில் இன்னொரு சண்டையும் இருந்தது. காலையில் பையனை ஸ்கூல் வேனில் யார் ஏற்றிவிடுவது என்பதில் இரண்டு வாரம் முட்டிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் உட்கார்ந்து பேசினார்கள். திங்கள், புதன், வெள்ளி கணவர். மற்ற நாள்களில் மனைவி என்று முடிவானது. அதோடு அந்தச் சண்டை முடிந்துபோனது.

ஒரே வீடு, அதே இரண்டு பேர். ஒரு சண்டை இரண்டு வாரத்தில் முடிகிறது. இன்னொன்று ஒன்பது வருடங்களாக முடியவில்லை. ஏன்?

நூற்றுக்கு 69

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜான் காட்மேன், தம்பதிகள் சண்டை போடும் விதத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். தம்பதிகளை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்து, அவர்கள் வாக்குவாதம் செய்வதைப் பதிவு செய்தார். நான்கு வருடங்கள் கழித்து மீண்டும் வரவழைத்துப் பார்த்தபோது, பலர் அதே விஷயத்துக்காக அதேபோல சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பதிகளுக்குள் வரும் பிரச்னைகளில் 69 சதவிகிதம் இப்படி முழுமையாகத் தீராதவை என்பது அவர் சொல்லும் கணக்கு.

சந்தோஷமாக வாழும் தம்பதிகளுக்கும் இந்தத் தீராத பிரச்னைகள் இருந்தன. அவர்கள் அதைப் பற்றி அவ்வப்போது பேசிக்கொண்டார்கள், சில நேரம் சிரிக்கவும் செய்தார்கள். மற்றவர்கள், பேச்சை எடுத்தாலே காயப்பட்டு, கடைசியில் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தீர்க்கக்கூடிய பிரச்னை, அந்த விஷயத்தோடு நின்றுவிடும். வேன் சண்டைக்கு ஒரு நேர அட்டவணை போதுமாக இருந்தது. தீராத பிரச்னையில் ஒன்றை முடித்தால், அதே சூட்டோடு இன்னொன்று கிளம்பும். இந்த முறை சீருக்குப் பணம் கொடுத்துவிட்டாலும், அடுத்த மாதம் ஒரு வளைகாப்புக்கு அதே சண்டை வரும்.

பேச்சு எங்கே போகிறது என்றும் கவனியுங்கள். `நாளைக்கு யார் போறது?' என்ற அளவில் இருந்தால் அது தீரக்கூடியது. `நீ எப்பவும் இப்படித்தான்', `உங்க வீட்டு வளர்ப்பு அப்படி' என்று ஆளைப் பற்றிய பேச்சாக மாறினால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

ஒரே விஷயம் ஒரு வீட்டில் தீரக்கூடியதாகவும், இன்னொரு வீட்டில் தீராததாகவும் இருக்கலாம். வேன் சண்டைக்குப் பின்னால், `என் வேலைக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை' என்ற வருத்தம் இருந்தால், அட்டவணை போட்டாலும் சண்டை நிற்காது.

சண்டைக்குப் பின்னால் இருக்கும் கதை

தீராத சண்டைக்குத் தீர்வு தேடுவதற்கு முன், ஒரு கேள்வி கேட்க வேண்டும். `இந்த விஷயம் உனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?' ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் மறுத்துப் பேசாமல் கேட்க வேண்டும். பிறகு, முறை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் தம்பதி அன்று இரவு, பையன் தூங்கிய பிறகு இதைச் செய்கிறார்கள். ஒன்பது வருடங்களில் பேசாத இரண்டு விஷயங்கள் வெளியே வருகின்றன.

மனைவியின் அப்பா நடத்திய மளிகைக்கடை நஷ்டத்தில் மூடப்பட்டது. அந்த வருடம் அவர் காலேஜ் ஃபீஸுக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. மீட்கவே முடியவில்லை. ``சேமிப்புல கை வெச்சாலே எனக்கு அந்த வளையல்தாங்க ஞாபகம் வருது'' என்கிறார்.

கணவருக்குப் பத்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அவரைப் படிக்க வைத்தவர்கள் அந்த அத்தையும் சித்தப்பாவும்தான். ``அவங்க கணக்குப் பார்த்திருந்தா நான் பத்தாவதோட நின்னுருப்பேன்மா'' என்கிறார்.

இருவர் சொல்வதிலும் தப்பில்லை. ஒருவருக்குச் சேமிப்பு பாதுகாப்பு; இன்னொருவருக்குச் செலவு நன்றிக்கடன். இந்த வித்தியாசத்தை எந்தப் பஞ்சாயத்தாலும் இல்லாமல் செய்ய முடியாது.

இரண்டு வட்டம்

இதற்கு காட்மேன் ஒரு பயிற்சி சொல்கிறார். ஒரு தாளில் சின்ன வட்டம், அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். `இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது' என்பதை உள்வட்டத்தில் எழுத வேண்டும். `இதில் கொஞ்சம் அனுசரிக்கலாம்' என்பவை வெளிவட்டத்துக்கு. இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும்.

மனைவியின் உள்வட்டம்: அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒன்றரை லட்சத்தைத் தொடக் கூடாது, நகை அடகுக்குப் போகக் கூடாது. கணவரின் உள்வட்டம்: தங்கை முன்னால் தாய்மாமனாக வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது. எவ்வளவு தொகை, எதை வாங்குவது, பணம் எங்கிருந்து எடுப்பது எல்லாம் இருவருக்குமே வெளிவட்டத்தில்தான் வந்தன. ஒன்பது வருடங்களாக அவர்கள் அடித்துக்கொண்டது வெளிவட்டத்துக்காகத்தான்!

அதன்பின் கணக்கு சுலபமானது. மாதம் 2,500 ரூபாய் உறவினர் விசேஷங்களுக்கென்று தனி ஆர்.டி. வருடத்துக்கு 30,000 ரூபாய். அதற்குள் கணவர் முடிவு செய்யலாம், கேள்வி கிடையாது. அதைத் தாண்டினால் இருவரும் பேச வேண்டும். காதுகுத்துக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருப்பதால், அதற்குள் சேரும் 10,000 ரூபாயோடு போனஸில் 30,000 ரூபாய் சேர்த்து, 40,000 ரூபாயில் சீர்.

உள்வட்டத்தில் பத்து, பதினைந்து விஷயங்கள் குவிந்தால், இந்தப் பயிற்சி வேலை செய்யாது. எழுதிய ஒவ்வொன்றையும், `இது இல்லாமல் என்னால் நிம்மதியாக இருக்க முடியாதா?' என்று கேட்டுப் பாருங்கள். பாதி, தானாக வெளியே வந்துவிடும்.

இதோடு முடிந்துவிடுமா?

முடியாது. ஆடியில் ஒரு வேண்டுதல், தையில் ஒரு கல்யாணம் என்று அது மறுபடி வரும். இந்த ஏற்பாட்டையே இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால், இனி அவர் தயங்கும்போது கணவருக்கு அந்த வளையல் ஞாபகம் வரும். இவர் பர்ஸைத் திறக்கும்போது மனைவிக்கு அந்தப் பத்து வயதுப் பையன் தெரிவான்.

ஓர் எச்சரிக்கை மட்டும். அடி, மிரட்டல், குடி, மறைத்து வாங்கும் கடன் போன்றவை `தீராத பிரச்னை' என்று பொறுத்துக்கொண்டு வாழ வேண்டியவை அல்ல. அங்கே வட்டம் போட்டுப் பேசுவது உதவாது. பாதிக்கப்படும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்த அழைப்பிதழ் வந்தது. ``என்னங்க, உங்க ஆர்.டி-க்கு வேலை வந்துடுச்சு'' என்றார் மனைவி. சிரித்துக்கொண்டே பாஸ்புக்கைத் தேடினார் கணவர்.