ஜேட சுதி 3, ரவிவார்

ராணா பிரதாப்பின் வாழ்க்கை வரலாறு ஒன்றை இந்தியிலிருந்து தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். போர்க்களங்கள் எளிதாக வந்துவிட்டன. என்னைப் பத்து நாள் நிறுத்தி வைத்தது அவர் பிறந்த நாள். மூலத்தில் இப்படி இருந்தது: விக்கிரம சம்வத் 1597, ஜேட சுதி 3, ரவிவார். சுதி என்றால் வளர்பிறை, வதி என்றால் தேய்பிறை. ஆக, ஜேஷ்ட மாத வளர்பிறைத் திருதியை, ஞாயிற்றுக்கிழமை.

முதல் வரைவில் ஜேஷ்டத்தை ஆனி என்று எழுதிவிட்டேன். நம் அகராதிகள் அப்படித்தான் சொல்லும். ஆனால் நம் ஆனி சூரியன் மிதுனத்துக்குள் போகும் நாளில் பிறக்கிறது. அவர்களுடைய ஜேஷ்டம் சந்திர மாதம். அதன் வளர்பிறை அமாவாசைக்கு மறுநாளே தொடங்கிவிடும், சூரியன் ரிஷபத்தில் இருக்கும்போதே. பிரதாப் பிறந்த அன்று நம் ஊர்க் கணக்கில் வைகாசி இரண்டாம் வாரம்தான் நடந்திருக்கும். ஆனியை அடித்துவிட்டு ஜேஷ்டம் என்றே வைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஆண்டு. விக்கிரம ஆண்டிலிருந்து 57 கழித்தால் ஆங்கில ஆண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். சைத்ரத்தில் தொடங்கும் ஆண்டுக்கு டிசம்பர் முடியும்வரை அது சரி. 1597 ஜேஷ்டம் 1540 மே மாதத்தில் விழும். ஆனால் மேவார் அரசவைக் கணக்கில் புத்தாண்டு சைத்ரத்தில் அல்ல, சிராவணத்தில், நம் ஆடி மாதத்தை ஒட்டிப் பிறந்தது. அந்தக் கணக்கில் எழுதியவருக்கு 1597 என்ற ஆண்டு 1540 நடுவில்தான் தொடங்கும். அதற்குள் வரும் ஜேஷ்டம் 1541-ல் போய் நிற்கும். ஒரே எழுத்து, இரண்டு ஆண்டுகள். எழுதியவர் எந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தார் என்று அவர் சொல்லவில்லை.

இங்கேதான் அந்த 'ரவிவார்' கைகொடுத்தது. திதியும் கிழமையும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் தேதி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளுக்கும் அமாவாசையைக் கணக்கிட்டேன். 1540-ல் அது மே 6 மாலையில் வருகிறது; மே 9 சூரிய உதயத்தில் திருதியை நடக்கிறது; கிழமை ஞாயிறு. 1541-ல் அமாவாசை மே 25. உதயத்தில் திருதியை நிற்கும் நாள் மே 28, அது சனி. ஞாயிறன்று சதுர்த்தி வந்துவிடுகிறது. எனவே 1540 மே 9. காகிதத்தில் அந்த இரண்டு கிழமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்துவிட்டது. நானூறு ஆண்டுக்கு முந்தைய யாரோ ஒருவர் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதி வைத்ததால் கிடைத்த பதில் இது. கிழமை போன்ற சொற்களை இடம் மிச்சம் பிடிக்க வெட்டும் பதிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

மரணத் தேதியில் வேறொரு பொறி. சம்வத் 1653, மாக சுதி 11, கிழமை இல்லை. 57 கழித்தால் 1596 வரும், அது தவறு. மாகம் தை, மாசியை ஒட்டியது. அதற்குள் ஜனவரி வந்து ஆங்கில ஆண்டு மாறிவிடும். ஆகவே 56 கழிக்க வேண்டும்: 1597 ஜனவரி 19. புத்தாண்டு சைத்ரமா, சிராவணமா என்ற குழப்பம் இங்கே இல்லை. சிராவணம் முதல் பால்குனம் வரை இரண்டு கணக்கிலும் ஆண்டு எண் ஒன்றுதான். சைத்ரம் முதல் ஆஷாடம் வரைதான் மோதல். இரண்டு தேதியும் வளர்பிறையில் விழுந்ததும் நல்லதாயிற்று. வடக்கே பௌர்ணமியோடு மாதம் முடியும், குஜராத்திலும் தெற்கிலும் அமாவாசையோடு முடியும். தேய்பிறைத் தேதியாக இருந்தால் எந்த மாதம் என்பதிலேயே தகராறு வந்திருக்கும்.

கையெழுத்துப் படியைப் படித்த நண்பர் கேட்டார்: "இணையத்தில் சில இடங்களில் மே 19 என்று இருக்கிறதே, சார்?" அதுவும் பொய்யல்ல. மே 9 என்பது ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்று நாம் புழங்கும் கிரிகோரியன் நாட்காட்டி 1582-ல்தான் வந்தது. அதைப் பின்னோக்கி நீட்டினால் பத்து நாள் கூடி மே 19 ஆகும். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் பழைய தேதியை அப்படியே விடுகிறார்கள். நான் சொன்ன ஒரே நிபந்தனை, பிறப்பை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதே. ஹல்திகாட்டிப் போர் 1576 ஜூன் 18 என்று எழுதுகிற புத்தகத்தில் பிறப்பு மட்டும் மே 19 ஆக இருக்கக்கூடாது. போரும் ஜூன் 28 ஆக வேண்டும்.

நான் ஜூலியனோடே நின்றுவிட்டேன். நூலின் உடற்பகுதியில் 1540 மே 9. அடிக்குறிப்பில் ஜேட சுதி 3, ரவிவார், சம்வத் 1597 என்று மூலத்தில் உள்ளபடியே.