உருக்கும் முன் ஒரு கடிதம்

பழைய நெக்லஸை மாற்றப் போகிறவர்கள் கடைக்காரருக்கு முதலில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பேன். ‘5 பவுன் நகை, புது டிசைன் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. 40 கிராம் நகையில் கல்லும் அரக்கும் இரண்டரை கிராம் இருந்தால், தங்கம் 37.5 கிராம்தான். அந்தக் காலத்து நகையில் பற்றவைப்புப் பொடி அதிகம்; உரசிப் பார்த்தால் 22 காரட் போலத் தெரிவது, உருக்கினால் 88 சதவீதமாக இறங்கும். அப்போது கைக்கு வருவது 916 தரத்தில் சுமார் 36 கிராம். ஆகவே கடிதத்தில் மொத்த எடை, கல் நீக்கிய எடை இரண்டையும் எழுதுங்கள். உருக்குவது உங்கள் கண்முன் நடக்க வேண்டும், உருக்கிய கட்டியை எடைபோட்டுத் தரம் பார்த்தபின் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும் என்றும் கேளுங்கள். உருக்கிய நகை திரும்பாது; விலை படியாவிட்டால் கட்டியைத்தான் எடுத்துவர முடியும். புது நகைக்கு 916 ஹால்மார்க்கும் 6 இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடும் கேளுங்கள். சேதாரம் எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய தங்கத்தில் மிச்சப்படுத்தியதைப் பல கடைகள் அங்கேதான் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.