மெஷின் லேர்னிங்குக்கு முன்னாடி எந்த லீனியர் அல்ஜீப்ரா?

அன்புள்ள ஜூனியருக்கு,

நாலாவது செமஸ்டரில் மெஷின் லேர்னிங் வருது, அதுக்கு முன்னாடி லீனியர் அல்ஜீப்ராவில் எதையெல்லாம் ரிவைஸ் பண்ணணும்னு கேட்டிருந்தாய். முதல் செமஸ்டர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' நோட்டை எடுத்து முதல் யூனிட்டை மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. என் கருத்து வேற. அந்த யூனிட்டில் பாதிதான் உனக்கு வேணும். மீதி வேண்டியது அந்த யூனிட்டிலேயே இல்லை.

கேலி-ஹாமில்டன் வைத்து இன்வர்ஸ் கண்டுபிடிக்கும் கணக்கை விட்டுவிடு. பரீட்சைக்கு அது நல்ல கேள்வி, மெஷின் லேர்னிங் லேபில் அதை நீ தொடப்போவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது நிரல்கள். பத்தாம் வகுப்பில் நிரை, நிரல் என்று படித்தோமே, அதே நிரல்தான். ஒரு அணியை ஒரு வெக்டாரால் பெருக்குவது என்றால், நிரைகளை ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டுவது என்றுதான் கை பழகியிருக்கும். அதையே இப்படிப் பார்: முதல் நிரலில் இவ்வளவு, இரண்டாவது நிரலில் இவ்வளவு என்று எடுத்துக் கலப்பதுதான் பெருக்கல். ஒரு மாடல் கற்றுக்கொள்ளும் எண்கள் எல்லாம் இந்தக் கலவை அளவுகள்தான்.

நம்ம பாலக்கோடு தக்காளியை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. ஒரு மண்டிக் கடைக்கு மூன்று நாள் வந்த சரக்கு 1, 2, 3 டன். கிலோ விலை முறையே 30, 20, 16 ரூபாய். விலை = c + d × டன் என்று ஒரு நேர்கோடு வேண்டும். இங்கே நிரல்கள் இரண்டு: (1, 1, 1), (1, 2, 3). இவற்றை எப்படிக் கலந்தாலும் (30, 20, 16) சரியாக வராது. போட்டுப் பார், மூன்று சமன்பாடு, இரண்டு தெரியாத எண், ஒத்துவராது. அதனால் கலவையால் எட்டக்கூடிய இடங்களில் எது (30, 20, 16)-க்கு மிகப் பக்கமோ அதைப் பிடிக்கிறோம். சுவரில் நிழல் விழுவது போல செங்குத்தாக இறக்குவது. இதுதான் புரொஜெக்‌ஷன். சமன்பாடு AᵀAx = Aᵀb:

3c + 6d = 66
6c + 14d = 118

விடை c = 36, d = -7. ஒரு டன் கூடினால் ஏழு ரூபாய் குறையும். மாடல் சொல்லும் விலை 29, 22, 15. பிழை 1, -2, 1. இந்தப் பிழையை இரண்டு நிரலோடும் டாட் புராடக்ட் எடு, இரண்டும் பூஜ்ஜியம். செங்குத்து என்று சொன்னது இதைத்தான். லீஸ்ட் ஸ்கொயர்ஸை ஃபார்முலாவாக மனப்பாடம் செய்யாமல் இந்த மூன்று எண்களை ஒருமுறை கையால் போட்டுவிடு, அது போதும்.

இப்போ டேட்டா ஷீட்டில் இன்னொரு நிரல் இருக்கிறது என்று வை: பெட்டி எண்ணிக்கை. பெட்டிக்கு 25 கிலோ என்றால் 40, 80, 120. "ஃபீச்சர் கூடினா நல்லதுதானே" என்று சேர்ப்போம், எல்லாரும் செய்வதுதான். ஆனால் இது டன் நிரலை 40-ஆல் பெருக்கியது, புதுசா எதுவும் சொல்லவில்லை. மூன்று நிரல் இருந்தும் ரேங்க் 2 தான். AᵀA-க்கு இன்வர்ஸ் கிடையாது. -7-ஐ முழுக்க டன்னுக்கே கொடுக்கலாம், முழுக்கப் பெட்டிக்கே பெட்டிக்கு -0.175 என்று கொடுக்கலாம், எப்படியும் பிரிக்கலாம். மாடல் சொல்லும் விலை மட்டும் மாறாது, அதே 29, 22, 15. நிழல் ஒன்றுதான், அதற்குப் போகும் கலவைதான் பல. `np.linalg.lstsq` இவற்றில் அளவில் மிகச் சிறிய விடையை எடுக்கும். அதில் டன்னுக்கு சுமார் -0.004 தான் வரும். அதைப் பார்த்து 'டன்னுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதினால் தப்பு. ரேங்க் தெரிந்தவன் அப்படி எழுத மாட்டான்.

சரி, சரியாக 40 மடங்கு என்றால் சாஃப்ட்வேராவது ரேங்க் 2 என்று காட்டிக்கொடுக்கும். உண்மையான டேட்டாவில் அப்படி வராது. இரண்டாம் நாள் எண்ணியவர் 80-க்குப் பதில் 81 என்று எழுதிவிட்டார். ஒரே ஒரு பெட்டி. இதை ஓட்டிப் பார்:

```python
import numpy as np
A = np.array([[1,1,40],[1,2,81],[1,3,120]])
b = np.array([30,20,16])
print(np.linalg.solve(A, b))
print(np.linalg.svd(A, compute_uv=False))
```

விடை 37, 113, -3. அதாவது ஒரு டன் கூடினால் விலை 113 ரூபாய் ஏறுமாம்! 81-ஐ 79 ஆக்கி ஓட்டு, டன்னுக்கு -127 வரும். ஒரு பெட்டி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆனதுக்கே குறி மாறிவிட்டது. இதில் ஏமாற்றும் விஷயம், இரண்டிலும் பிழை பூஜ்ஜியம். பிழையை மட்டும் பார்ப்பவனுக்கு முதல் மாடலைவிட இது நல்ல மாடலாகத் தெரியும்.

ரேங்க் கேட்டால் 3 என்று சொல்லும். டிட்டர்மினன்ட் -2, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை, அதனால் அதையும் நம்பாதே. கடைசி வரி தரும் சிங்குலர் வேல்யூக்களைப் பார்: சுமார் 150, 0.65, 0.02. முதலுக்கும் கடைசிக்கும் ஏழாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த 0.02-தான் காட்டிக்கொடுப்பது. டன்னுக்கு 40 கூட்டிப் பெட்டிக்கு 1 குறைத்தால் விடை கிட்டத்தட்ட அசையாது என்பது அதற்குப் பொருள். அந்தத் திசையைப் பற்றி டேட்டா ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் ஒரு பெட்டித் தவறு மாடலை அங்கே தூக்கி எறிகிறது.

சிங்குலர் வேல்யூ எஸ்விடி-யில் வருவது. முதல் செமஸ்டரில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் அதன் வர்க்கம்தான் AᵀA-வின் ஐகன் வேல்யூ. AᵀA சிமெட்ரிக். சிமெட்ரிக் அணியை ஆர்த்தோகனல் டிரான்ஸ்ஃபர்மேஷனால் டயகனலைஸ் பண்ணி, குவாட்ராட்டிக் ஃபார்மை கேனானிக்கல் ஃபார்முக்குக் கொண்டுவரும் பெரிய கேள்வி ஒன்று போட்டிருப்பாயே, அதை மட்டும் மறுபடி போடு. அந்தப் பழைய நோட்டில் வேண்டிய பாதி என்று சொன்னது இதைத்தான். பிழையின் வர்க்கம் என்பதே ஒரு குவாட்ராட்டிக் ஃபார்ம். ஐகன் வேல்யூ சிறிதாக இருக்கும் திசையில் அந்தக் கிண்ணம் தட்டையாகக் கிடக்கிறது, அடிப்புள்ளி எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ரிட்ஜ் ரிக்ரெஷன் வகுப்பில் AᵀA + λI என்று போர்டில் எழுதுவாங்க. இதைப் போட்டவனுக்கு அது புதிராக இருக்காது. ஒவ்வொரு ஐகன் வேல்யூவோடும் λ கூடுகிறது, அவ்வளவுதான். நம்ம கணக்கில் சிறிய ஐகன் வேல்யூ சுமார் 0.0004. λ = 0.01 வைத்தால் அந்தத் திசையில் மாடல் போடும் ஆட்டம் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். பெரிய ஐகன் வேல்யூ இருபத்திரண்டாயிரத்துக்கு மேல், அதுக்கு 0.01 உறைக்காது. ஆனா ஒண்ணு: ரிட்ஜ் ஆட்டத்தை அடக்கும், டேட்டாவில் இல்லாத தகவலைக் கொண்டுவராது. பெட்டி நிரலைத் தூக்கிவிடுவதுதான் நேர்மையான வைத்தியம்.

பிசிஏ வரும்போது இதே சிமெட்ரிக் கணக்குதான், கோவேரியன்ஸ் அணியில் போடுவாங்க. அதை இப்பவே படிக்க வேண்டாம். லீவில் மேலே உள்ள தக்காளிக் கணக்கை ஒரு தரம் பேப்பரில், ஒரு தரம் கோடில் போடு. அப்புறம் நாலாவது நாளாக 4 டன், 160 பெட்டி, 10 ரூபாய் சேர்த்து, 81-ஐ அப்படியே விட்டு `lstsq`-இல் ஓட்டு. டன்னுக்கு என்ன வருது, கடைசி சிங்குலர் வேல்யூ எவ்வளவு ஏறுது என்று பார்த்து வை, ஹாஸ்டல் திறந்ததும் பேசுவோம்.

அன்புடன்,
உன் சீனியர்