பங்குனியில் அசராத கண்

தாமலில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அப்பாவுக்கு எழுபத்திரண்டு ஆச்சே, பகல்ல கண்ணசரத்தான் செய்யும்." பங்குனி வரைக்கும் அசராத கண் சித்திரையில் ஏன் அசர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தறி சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் அப்பா குழியில் கால் தொங்க உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கையில் நாடா அப்படியே இருக்கிறது, தலை நெஞ்சில் சாய்ந்திருக்கிறது. தொட்டதும் விழித்து, "பாவு அறுந்துச்சா?" என்றார். பாவு அறுந்திருக்கவில்லை.

வயதானவர்களின் தூக்கம் மாறுவது உண்மை. ராத்திரித் தூக்கம் லேசாகும், விடியுமுன்பே விழிப்பு வரும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கத் தோன்றும். இதெல்லாம் வருஷக்கணக்கில் மெல்ல வருவது. மூன்று வாரத்தில் ஒரு மனிதர் வேலைக்கு நடுவே சாய்கிறார் என்றால், அந்த மூன்று வாரத்தில் புதிதாக எது உள்ளே போனது என்றுதான் பார்க்க வேண்டும். மாத்திரைப் பையைத் தரையில் கொட்டினேன். அன்று ராத்திரியே டாக்டருக்கு எழுதினேன்:

"ஐயா, வணக்கம். அப்பா பல வருஷமாகச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அதில் மாற்றம் இல்லை. பாத எரிச்சலுக்கு நீங்கள் கொடுத்த மாத்திரையை ஐந்து வாரமாக ராத்திரி எடுக்கிறார். எரிச்சல் குறையாததால் மூன்று வாரத்துக்கு முன் காலையிலும் ஒன்று சேர்த்தீர்கள். அதே சமயம் தூக்கம் வரவில்லை என்று வேறொரு டாக்டரிடம் போனதில், படுக்கும்போது குளோனாசெபாம் 0.5 மி.கி. எழுதினார். அரிப்புக்கு மெடிக்கலில் செட்டிரிசின் 10 மி.கி. வாங்கினோம், அதுவும் தினமும் ராத்திரி. இவை இரண்டும் உங்களுக்குத் தெரியாது, நாங்கள் சொல்லாதது தவறு. காலை மாத்திரைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்தில் கண் சொருகுகிறது. அப்படிச் சொருகியபோது இரண்டு நாள் சர்க்கரை பார்த்தோம்: 142, 156. ஒரு தடவை நடையில் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். எடை 52 கிலோ, போன மாத கிரியாட்டினின் 1.4. எதையும் நாங்களாக நிறுத்தவில்லை. எதைக் குறைக்கலாம் என்று சொல்லுங்கள்."

சர்க்கரை எண்ணை எழுதியதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் மயங்கிச் சாய்ந்தால் முதலில் சர்க்கரை இறங்கியதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்றதும் சந்தேகம் மற்ற மாத்திரைகளின் மேல் போகிறது.

எரிச்சல் மாத்திரையின் அட்டையில் பொடி எழுத்தைப் படித்தேன். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து: பிரிகாபலின் 75 மி.கி., நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. நாம் மாத்திரையை எண்ணுகிறோம், மருந்தை எண்ணுவதில்லை. குளோனாசெபாமையும் சேர்த்தால் மூளையில் வேலை செய்யும் மருந்து மூன்று, போதாததற்கு அரிப்பு மாத்திரை. அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தொடங்கிவைத்த, முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. மூளையில் வேலை செய்யும் இப்படிப்பட்ட மருந்துகளை மூன்றோ அதற்கு மேலோ முதியவருக்கு ஒன்றாகக் கொடுக்காதீர்கள், விழுந்து எலும்பு முறியும் என்று அது எச்சரிக்கிறது.

வயதுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிகாபலின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் 1.4 என்றால் கொஞ்சம்தான் கூட என்று தோன்றும். அப்பாவின் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 35 மில்லிதான் சுத்தம் செய்கிறது. அந்த அளவில் பிரிகாபலினைப் பாதியாக்க வேண்டும்; செட்டிரிசினுக்கும் அதே கதைதான். குளோனாசெபாமோ ராத்திரி சாப்பிட்டால் மறுநாள் மாலையிலும் பாதிக்கு மேல் உடம்பில் இருக்கும். முதுமை தூங்க வைக்கவில்லை. மருந்தைப் போகவிடாமல் பிடித்து வைத்தது.

"அப்ப எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்றார் சித்தப்பா. இது இன்னும் மோசம். குளோனாசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம். பிரிகாபலினையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். கடிதம் போதாத நேரமும் உண்டு: எழுப்பினால் எழாவிட்டால், பேச்சு குழறினால், மூச்சு மெதுவானால் காஞ்சிபுரத்துக்கு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

டாக்டர் கோபிக்கவில்லை. அரிப்பு மாத்திரையை அன்றே நிறுத்தி, தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். காலை மாத்திரையை நிறுத்தினார். குளோனாசெபாமை 0.25 ஆக்கி, அதையும் சில வாரத்தில் படிப்படியாக விடச் சொன்னார். பத்து நாளில் தறி சத்தம் பழையபடி கேட்டது. சாயங்காலத்தில் பாத எரிச்சல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. "இருந்துட்டுப் போகட்டும், கண்ணு தெளிவா இருக்கே" என்கிறார் அப்பா.

எதிர்வீட்டுக்காரர் நேற்று சொன்னார்: "இந்த வயசுலயும் உங்கப்பாவுக்கு என்ன தெம்பு பாரு!"